வெள்ளம் தின்ற நாட்கள் எத்தனை?

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்றிரவு அடையாறு கரைபுரண்டு கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பக்கத்துப் பட்டறைகளுக்குள் புகுந்தது. லேத் மோட்டார்கள் மூழ்கின. மூலப்பொருளும் முடித்து வைத்த சரக்கும் சேற்றுக்குள் போயின. விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. அந்தப் பட்டறைகளில் பல, பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தருபவை. ஆர்டரில் டெலிவரி தேதி இருக்கும். தாமதமானால் வாரத்துக்கு இவ்வளவு என்று பில்லில் பிடித்துக்கொள்ளும் நிபந்தனையும் இருக்கும். தேதி தவறியவர் சொல்லும் காரணம் ஊரறிந்தது: “வெள்ளம் வந்தது.”

அந்தக் காரணத்தைச் சட்டம் ஏற்குமா என்பதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கிடையாது. ஊரே மூழ்கியதை நீதிபதியும் அறிவார். அவர் கேட்பது வேறு: இந்த ஆர்டரில் எத்தனை நாட்களை அந்த வெள்ளம் தின்றது? அந்த நாட்களை மன்னிக்க ஒப்பந்தத்தில் இடம் உண்டா? வேலைநிறுத்தத்துக்கும் இதே கேள்விகள்தான்.

எழுதாத ஒப்பந்தம் காப்பாற்றாது

“நம் கையில் இல்லாத காரியத்துக்கு நாம் எப்படிப் பொறுப்பு? சட்டமே விட்டுவிடும்” என்று பலர் நம்புகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அதற்கு அருகில் வருவது 56-ஆவது பிரிவு. ஒப்பந்தம் செய்த பிறகு அந்தக் காரியம் செய்யவே முடியாததாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது அது.

இதை உச்ச நீதிமன்றம் விரிவாக அலசியது 1954-இல், சத்யபிரத கோஷ் வழக்கில். கல்கத்தாவில் ஒரு நிறுவனம் மனை போட்டு விற்றது. சாலையும் கழிவுநீர் வடிகாலும் அமைத்துக் கொடுத்த பிறகு மனையை ஒப்படைப்பதாகப் பேச்சு. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அரசு அந்த நிலத்தில் பெரும் பகுதியைப் படைத் தேவைக்காகத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. இனி முடியாது, ஒப்பந்தம் தீர்ந்தது என்றது நிறுவனம். நீதிமன்றம் ஒப்பவில்லை. நிலம் எடுக்கப்பட்டது தற்காலிகமாகத்தான். வேலையை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கெடு எதுவும் இல்லை. போர்க்காலத்தில் தாமதம் வரும் என்று இரு தரப்புக்கும் தெரியும். அதனால் ஒப்பந்தத்தின் அடித்தளம் குலைந்துவிடவில்லை என்று தீர்ப்பானது. “முடியாதது” என்பதற்குத் துல்லியமான உடல்ரீதியான பொருள் மட்டுமே கொள்ள வேண்டியதில்லை, ஒப்பந்தத்தின் நோக்கமே அர்த்தமற்றுப் போனாலும் போதும் என்று நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் வேலை கடினமானதோ நாள் பிடித்ததோ அந்த அளவை எட்டாது.

தாமதமான சப்ளையருக்கு 56-ஆவது பிரிவு ஏன் பெரும்பாலும் உதவாது என்பது இதிலிருந்து விளங்கும். அந்தப் பிரிவு ஒப்பந்தத்தை முடித்துவைக்கும், இல்லையென்றால் தொடாமல் விட்டுவிடும். நடுவில் நின்று “பதினைந்து நாள் கூடுதலாக எடுத்துக்கொள்” என்று சொல்லும் வேலை அதற்கில்லை. தேதியை நீட்டித் தருவது ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட நிபந்தனை மட்டுமே. வணிக உலகில் அதற்கு ஃபோர்ஸ் மஜூர் என்று பெயர். இரு தரப்பின் கட்டுப்பாட்டுக்கும் அப்பாற்பட்ட இன்னின்ன நிகழ்வுகள் வந்தால் பொறுப்பு நிறுத்திவைக்கப்படும் என்று முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் வழக்கு 32-ஆவது பிரிவின் கீழ் வரும் என்று 2017-இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அப்போது என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதே சட்டம். அந்த வழக்கில் இந்தோனேசிய நிலக்கரியின் விலை ஏறிவிட்டது என்று மின் உற்பத்தி நிறுவனங்கள் நிவாரணம் கேட்டன. விலை ஏறியதும் லாபம் கரைந்ததும் ஃபோர்ஸ் மஜூர் ஆகாது, வேறு வழியில் செய்ய முடிகிற காரியத்தை முடியாதது என்று சொல்ல இயலாது என்று நீதிமன்றம் மறுத்தது. வெள்ளத்துக்குப் பிறகு எஃகு விலை ஏறிவிட்டது என்று சொல்லும் சப்ளையருக்கும் இதே பதில்தான் கிடைக்கும்.

எந்த மழை, யாருடைய ஸ்டிரைக்?

நிபந்தனையில் “வெள்ளம்” என்ற சொல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. “இயற்கைப் பேரிடர்” என்று மட்டும் இருந்தால் வாதம் தேவைப்படும். மத்திய நிதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட பொருள் கொள்முதல் கையேடு ஃபோர்ஸ் மஜூரில் இயற்கைப் பேரிடரைச் சேர்க்கிறது. அதே மூச்சில், எதிர்பார்க்கக்கூடிய பருவமழையையும் சப்ளையரின் சொந்த அலட்சியத்தையும் விலக்குகிறது. அரசுத் துறைகளுக்குச் சரக்குத் தருபவர்கள் இந்த விலக்கைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் கடலோரத்தில் நவம்பரில் மழை பெய்வது செய்தியே அல்ல. நவம்பர் மழையில் கூரை ஒழுகியது, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது என்பவை பருவமழைக் கணக்கு. ஆற்று வெள்ளம் பட்டறைக்குள் வந்து மின்சாரமே இல்லாமல் போன 2015 டிசம்பரைப் பருவமழை என்று தள்ளுவது கடினம். இரண்டுக்கும் இடையிலான கோட்டைக் காட்டித் தருவது வானிலை ஆய்வு மையத்தின் மழை அளவும் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரின் பதிவும்தான்.

ஸ்டிரைக்கில் சிக்கல் இன்னும் நுட்பமானது. இங்கிலாந்தில் 1912-இல் நாடு தழுவிய நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம் நடந்தது. அதைத் தொடர்ந்து ஒரு கப்பலைத் தாமதமாகக் கட்டிக் கொடுத்த பிரீஸ்ட்மேன் நிறுவனத்தின் மீது அதை வாங்கிய மட்சூகிஸ் தரப்பு வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் ஃபோர்ஸ் மஜூர் என்ற சொல்லும் இருந்தது. கப்பல் கட்டும் தளம், எந்திரம் செய்யும் பட்டறை போன்ற இடங்களில் நடக்கும் வேலைநிறுத்தங்கள் என்ற குறிப்பும் இருந்தது. கட்டுநர் தாமதத்துக்கு ஒரு பட்டியலே கொடுத்தார்: நிலக்கரி வேலைநிறுத்தத்தால் வந்த குழப்பம், எந்திரக் கோளாறு, மோசமான வானிலை, தொழிலாளர்கள் கால்பந்தாட்டம் பார்க்கப் போனது, ஓர் இறுதி ஊர்வலம்.

1915-இல் தீர்ப்பளித்த நீதிபதி பெயில்ஹாஷ் அந்தப் பட்டியலை ஒன்றொன்றாகப் பிரித்தார். நாடு முழுவதையும் நிறுத்திய நிலக்கரி வேலைநிறுத்தத்தின் விளைவையும் எந்திரக் கோளாற்றையும் ஏற்றார். வானிலை, கால்பந்து, இறுதி ஊர்வலம் மூன்றையும் தள்ளினார். கப்பல் கட்டுகிறவர் தேதி கொடுக்கும்போதே கணக்கில் சேர்த்திருக்க வேண்டிய வழக்கமான தடங்கல்கள் அவை. இந்தத் தீர்ப்பை நம் உச்ச நீதிமன்றமும் 1961-இல் தன்ராஜ்மல் கோவிந்த்ராம் என்ற பருத்தி வணிக வழக்கில் எடுத்துப் பேசியிருக்கிறது.

இன்றைய ஆர்டரிலும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். 2018 ஜூலை 20 முதல் ஒரு வாரத்துக்கும் மேலாக நாடு முழுவதும் லாரிகள் ஓடவில்லை. சரக்கு தயாராகி கேட்டருகே அடுக்கிக் கிடந்தது, லாரி மட்டும் இல்லை என்றால் அந்த ஸ்டிரைக்கின் மீது சப்ளையருக்கு எந்தப் பிடியும் இல்லை. இருந்தாலும் ரயில் பார்சல் போன்ற வேறு வழி இருந்ததா, முயன்றாரா என்ற கேள்வி வரும். செலவு கூடுதல் என்பது மட்டும் காரணமாகாது. சரக்கே தயாராகாமல் இருந்தால் லாரி ஸ்டிரைக்கைக் காரணம் சொல்லவே முடியாது.

சொந்தத் தொழிலாளர்களின் ஸ்டிரைக் வேறு மாதிரி. “வேலைநிறுத்தம்” என்று பொதுவாக எழுதியிருந்தால் அதுவும் அடங்கலாம். ஆனால் சம்பளப் பாக்கி வைத்து அதனால் ஆட்கள் வெளியேறியிருந்தால், “கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட” என்ற சொற்கள் குறுக்கே நிற்கும். தானே வரவழைத்த தடையைக் காட்டித் தப்ப முடியாது. முதலாளி தானே போட்ட கதவடைப்புக்கும் அதே ஆட்சேபம் எழும். ஆகவே கையெழுத்துப் போடும்போதே தன் ஆலையில் நடக்கும் ஸ்டிரைக்கா, மூலப்பொருள் தருபவரின் ஆலையில் நடப்பதா, துறைமுகத்திலும் லாரியிலும் நடப்பதா என்று பிரித்து எழுதிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

வெள்ளம் வராமல் இருந்தால் கொடுத்திருப்பாரா?

பெரும்பாலான வாதங்கள் உடைவது இந்த இடத்தில். பிரேசிலில் 2015 நவம்பர் 5-ஆம் தேதி ஃபுண்டாவ் என்ற சுரங்கக் கழிவு அணை உடைந்து சேற்று வெள்ளம் ஊர்களை மூடியது. இரும்புத்தாது வெட்டுவதும் நின்றது. பிரேசிலிலிருந்து மலேசியாவுக்குக் கப்பலில் தாது அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்த லிம்பங்கன் என்ற நிறுவனம் அதன் பிறகு ஐந்து முறை சரக்குத் தரவில்லை. கப்பல் நிறுவனமான கிளாசிக் மேரிடைம் இழப்பீடு கேட்டது. ஒப்பந்தத்தில் வெள்ளம், சுரங்க விபத்து எல்லாம் பட்டியலில் இருந்தன.

அணை உடைந்ததையோ தாது கிடைக்காமல் போனதையோ யாரும் மறுக்கவில்லை. ஆனால் அணை உடைவதற்கு முன்பிருந்தே லிம்பங்கன் சரக்குத் தரத் தவறியிருந்தது. அணை உடையாவிட்டாலும் அது இந்த ஐந்து முறையும் சரக்குத் தந்திருக்காது என்று நீதிமன்றம் கண்டது. நிகழ்வு நேரடியாகப் பாதித்திருக்க வேண்டும் என்பது அந்த நிபந்தனையின் வாசகம். 2019-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறத்தாழ 2 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது.

நம் நாட்டிலும் இதே போக்கைக் காணலாம். 2020 மே மாதம் ஹாலிபர்டன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், 2019 செப்டம்பரிலிருந்தே வேலையை முடிக்காமல் கெடுவுக்கு மேல் கெடு வாங்கிய ஒப்பந்ததாரர், 2020 மார்ச்சில் வந்த பொதுமுடக்கத்தைத் தன் பழைய தவறுக்குப் போர்வையாக்க முடியாது என்றது.

ஓர் ஆர்டரின் கணக்கு

இதை ஒரு மாதிரி ஆர்டரில் போட்டுப் பார்ப்போம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை. ஓசூரில் வாங்கும் கம்பெனி. 4,000 ஃபிளாஞ்சுகள், ஒன்று 450 ரூபாய், மொத்தம் 18 லட்சம். டெலிவரி 2015 டிசம்பர் 10. தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் எல்.டி.; வாரத்தில் ஒரு பகுதியும் முழு வாரமாகக் கணக்காகும். ஃபோர்ஸ் மஜூர் நிபந்தனையில் வெள்ளம் இருக்கிறது; பாதித்த நாட்களுக்குத் தேதி நீளும்; ஏழு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்தது 2016 ஜனவரி 21. அதாவது 42 நாள் தாமதம்.

முதலாளி 42 நாளும் வெள்ளத்தால் என்கிறார். கம்பெனி ஆறு வாரத்துக்கு 3 சதவீதம், 54,000 ரூபாய் பிடிக்கிறது. இருவர் கணக்கும் தவறு.

உற்பத்திப் பதிவேட்டைத் திறந்தால் டிசம்பர் முதல் தேதி மாலையில் பட்டறை ஏற்கெனவே 12 நாள் பின்தங்கியிருந்தது தெரிகிறது. வெள்ளமே வராமல் இருந்தாலும் சரக்கு டிசம்பர் 22-இல்தான் போயிருக்கும். அந்த 12 நாள் பட்டறையின் பொறுப்பு. டிசம்பர் 2 முதல் 16 வரை தண்ணீர் வடியவும் மின்சாரம் வரவும் மோட்டார்களைக் காயவைத்துக் கட்டவும் போன 15 நாள் வெள்ளத்தின் பங்கு. இவற்றைக் கூட்டினால் ஜனவரி 6-க்குள் சரக்கு தயாராகியிருக்க வேண்டும். மிச்சமுள்ள 15 நாள் எங்கே போயின? எந்திரங்கள் ஓடத் தொடங்கியதும் முதலாளி வேறொரு கம்பெனியின் அவசர ஆர்டரை முதலில் ஏற்றினார். அந்த முடிவு அவருடையது, வெள்ளத்துடையது அல்ல.

ஆகவே தேதி 15 நாள் நீண்டு டிசம்பர் 25 ஆகிறது. அதிலிருந்து ஜனவரி 21 வரை 27 நாள், நிபந்தனைப்படி நான்கு வாரம், 2 சதவீதம். கம்பெனி 36,000 ரூபாய் பிடிக்கலாம். எஞ்சிய 18,000 ரூபாயைப் பிடிக்க முடியாது. எந்திரம் ஓடத் தொடங்கியும் முழு வேகம் வராமல் போன நாட்களையும் வெள்ளத்தின் கணக்கில் சேர்க்க வாதாடலாம். ஆனால் அதற்குத் தினசரி உற்பத்திப் பதிவு கையில் இருக்க வேண்டும்.

இந்த 15 நாளும் ஒரு காகிதத்தில் தொங்குகின்றன. டிசம்பர் முதல் வாரத்தில் கம்பெனிக்கு எழுத்தில் அறிவித்தாரா? ஏழு நாளுக்குள் அறிவித்தால்தான் உரிமை என்று நிபந்தனை சொல்லியிருந்தால், ஜனவரியில் பில்லோடு சேர்த்து எழுதிய கடிதம் அந்த 15 நாளையும் இழக்கச் செய்யலாம். அரசுக் கொள்முதல் கையேடும் நிகழ்வு நடந்தவுடன் அறிவிக்க வேண்டும், பின்னால் வந்து கோர முடியாது என்கிறது. போன் செய்து சொன்னதை நிரூபிப்பது கடினம். மின்சாரமும் இணையமும் இல்லாத நாளில் கைப்பேசியிலிருந்து நான்கு வரி மின்னஞ்சல் போதும்: என்ன நடந்தது, என்று நடந்தது, எந்த ஆர்டர் பாதித்தது, நிலைமை தெரிந்ததும் புதிய தேதி சொல்கிறோம். பிறகு தண்ணீர் நின்ற மட்டம் தெரியும் தேதியிட்ட படங்கள், மின்தடை பற்றிய மின்வாரியக் கடிதம், காப்பீட்டு சர்வேயரின் அறிக்கை, மோட்டார் கட்டியதற்கான பில் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். நாட்களை எண்ணித் தருபவை இவைதான்.

வாங்குபவரின் பக்கம்

வாங்கும் கம்பெனியும் சும்மா இருந்துவிட முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, தேதி முக்கியமான ஒப்பந்தத்தில் தாமதமாக வந்த சரக்கை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும் நேரத்திலேயே இழப்பீடு கோரப்போவதாக அறிவிக்க வேண்டும். வாய் திறக்காமல் இறக்கிக்கொண்டு மூன்று மாதம் கழித்து இழப்பீடு கேட்டால் அந்தப் பிரிவு குறுக்கே வரும். அதேபோல் 63-ஆவது பிரிவு கெடுவை நீட்டித் தரும் அதிகாரத்தை வாங்குபவருக்குத் தருகிறது. வெள்ளத்தில் நின்ற சப்ளையருக்கு “புது தேதி டிசம்பர் 25” என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் எண்ணுவதற்குச் சண்டையே வராது. எல்.டி. பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் நீட்டுகிறோம் என்று சேர்த்து எழுதுவதும் வழக்கம்.

தடை நீண்டுகொண்டே போனால் என்ன என்பதையும் முன்பே தீர்க்க வேண்டும். ஃபோர்ஸ் மஜூர் பொறுப்பை நிறுத்திவைக்கும், ரத்து செய்யாது. அரசுக் கையேட்டின்படி 90 நாளைத் தாண்டினால் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் பண இழப்பின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். தனியார் ஆர்டர்களில் இந்த எண் பல நேரம் இருப்பதில்லை. இல்லாவிட்டால் வாங்குபவர் காத்திருக்கவும் முடியாமல் வேறிடத்தில் வாங்கவும் துணியாமல் மாட்டிக்கொள்வார்.

இன்னொரு கண்ணியும் உண்டு. பட்டறைக்கு வெள்ளத்தால் தேதி நீண்டால், அதன் சரக்கை நம்பி வேறொருவருக்குத் தேதி கொடுத்த ஓசூர் கம்பெனிக்குத் தானாக நீண்டுவிடாது. தன் வாடிக்கையாளரோடு அது செய்த ஒப்பந்தத்தில் சப்ளையரைப் பாதித்த பேரிடரும் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே அதற்குத் தப்பு உண்டு. ஆகவே அடுத்த ஆர்டரில் கையெழுத்திடும் முன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: எந்தெந்த நிகழ்வுகள் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன, யாரைப் பாதித்தால் அவை செல்லும், எத்தனை நாளுக்குள் யாருக்கு எழுத வேண்டும், எத்தனை நாளுக்கு மேல் போனால் ஒப்பந்தம் முடியும். இந்த நான்குக்கும் விடை காகிதத்தில் இல்லையென்றால், பேரிடர் வரும் நாளில் கையில் மிஞ்சுவது 56-ஆவது பிரிவு மட்டுமே. அது தாமதத்தை மன்னிக்கும் பிரிவு அல்ல.